டீசலா, மின்சாரமா? பஸ் வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

*விலையில் 65 லட்சம் வித்தியாசம். ஓட்டும் செலவில் ஆண்டுக்கு 9 லட்சம் மிச்சம். ஆயுளில் 3 ஆண்டு கூடுதல். இரண்டில் எது மலிவு? கணக்குப் போடும் விதத்தைப் பொறுத்து விடை நான்கு முறை மாறுகிறது.*

சென்னை வியாசர்பாடி பணிமனையிலிருந்து 2025 ஜூன் 30 அன்று 120 தாழ்தள மின்சாரப் பேருந்துகள் சாலைக்கு வந்தன. அன்றிலிருந்து பஸ் நிறுத்தத்திலும் தேநீர்க் கடையிலும் ஒரே கேள்விதான்: “இவ்வளவு விலை கொடுத்து இதை வாங்குவது கட்டுப்படியாகுமா?” கட்டுப்படியாகும் என்பவர்கள் டீசல் விலையைக் காட்டுகிறார்கள். ஆகாது என்பவர்கள் பஸ்ஸின் விலையைக் காட்டுகிறார்கள். இரு தரப்பும் சொல்லும் எண்கள் உண்மைதான். ஆனால் ஓர் எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு முடிவுக்கு வந்துவிட முடியாது.

ஒரு பஸ்ஸுக்கு விலை குறைவு, ஓட்டும் செலவு அதிகம், ஆயுள் குறைவு. இன்னொன்றுக்கு விலை அதிகம், ஓட்டும் செலவு குறைவு, ஆயுள் அதிகம். இப்படி மூன்றும் வேறுபடும் இரண்டு பொருள்களை ஒரே தராசில் வைக்க நிதிக் கணக்கில் ஒரு முறை இருக்கிறது. அதன் பெயர் நிகர நிகழ்கால மதிப்பு. சூத்திரம் எளிது. அதற்குள் போடும் எண்களில்தான் பெரும்பாலானவர்கள் தவறுகிறார்கள். ஒரு நகரப் பஸ்ஸை எடுத்துக்கொண்டு அந்தக் கணக்கை முழுக்கப் போட்டுப் பார்த்துவிடுவோம்.

இரண்டு பஸ், ஒரே வழித்தடம்

இங்கே வரும் எண்கள் எந்த ஒரு டெண்டரிலிருந்தும் எடுக்கப்பட்டவை அல்ல. நகரப் பஸ் ஓட்டுபவர்களுக்கு நம்பத்தகுந்தவையாகத் தெரியும் அளவில், கணக்குக்காக வைத்துக்கொண்டவை. உங்கள் ஊருக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.

பஸ் நாளொன்றுக்கு 200 கிலோமீட்டர் வீதம் ஆண்டுக்கு 350 நாள் ஓடுகிறது. மீதி நாள்கள் எஃப்.சி.க்கும் பெரிய பழுதுக்கும் போய்விடும். ஆக, ஆண்டுக்கு 70,000 கிலோமீட்டர்.

டீசல் பஸ்ஸின் விலை 45 லட்சம், ஆயுள் 9 ஆண்டு. நகர நெரிசலில் லிட்டருக்கு 4 கிலோமீட்டர் கொடுக்கிறது. லிட்டர் 92 ரூபாய் என்றால் ஆண்டு டீசல் செலவு 16.1 லட்சம். ஆயில், கிளட்ச், பிரேக், இன்ஜின் வேலை என்று பராமரிப்புக்குக் கிலோமீட்டருக்கு 6 ரூபாய் வீதம் 4.2 லட்சம். காப்பீடு 70,000 ரூபாய். மொத்தம் ஆண்டுக்கு 21 லட்சம்.

மின்சாரப் பஸ்ஸின் விலை, சார்ஜரில் அதன் பங்கையும் சேர்த்து, 110 லட்சம். ஆயுள் 12 ஆண்டு. சார்ஜ் ஏற்றும்போது வீணாவதையும் சேர்த்தால் கிலோமீட்டருக்கு 1.3 யூனிட் இழுக்கும். யூனிட் 9 ரூபாய் என்றால் மின் செலவு 8.2 லட்சம். பராமரிப்பு கிலோமீட்டருக்கு 4 ரூபாய் வீதம் 2.8 லட்சம். பஸ்ஸின் விலை அதிகம் என்பதால் காப்பீடு ஒரு லட்சம். மொத்தம் 12 லட்சம்.

ஓட்டுநர், நடத்துநர் சம்பளத்தையும் டயர் செலவையும் சேர்க்கவில்லை. எந்தப் பஸ் வாங்கினாலும் அவை ஏறத்தாழ ஒன்றே என்று வைத்துக்கொள்கிறோம். டிக்கெட் வருமானமும் அப்படித்தான். ஒப்பிடும்போது இரு பக்கமும் ஒன்றாக இருப்பதை விட்டுவிட்டு, வேறுபடுவதை மட்டும் எழுதினால் போதும். அதனால் இங்கே கணக்கு லாபத்தைப் பற்றியதாக இல்லாமல் செலவைப் பற்றியதாகிறது. எதன் செலவு குறைவோ அது வெற்றி.

பத்தாம் ஆண்டில் வரும் ரூபாய்

வழக்கமாகக் காதில் விழும் கணக்கு இது: “65 லட்சம் கூடுதலாகப் போடுகிறோம். ஆண்டுக்கு 9 லட்சம் மிச்சமாகிறது. ஏழு ஆண்டு சொச்சத்தில் போட்டது திரும்பிவிடும். அதன் பிறகு எல்லாம் லாபம்.” கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த 65 லட்சத்தை இன்று கொடுக்க வேண்டும், மிச்சமோ தவணை தவணையாக வருகிறது. இடையில் அந்தப் பணத்துக்கு வட்டி ஓடுவதை இந்தக் கணக்கு கண்டுகொள்வதே இல்லை.

நிகழ்கால மதிப்பு என்பது வட்டிக் கணக்கைத் தலைகீழாகப் போடுவதுதான். 10 சதவீத வட்டியில் இன்றைய 100 ரூபாய் அடுத்த ஆண்டு 110 ஆகும் என்றால், அடுத்த ஆண்டு கைக்கு வரும் 110-க்கு இன்று 100 தான் மதிப்பு. அதே வீதத்தில், முதல் ஆண்டில் மிச்சமாகும் 9 லட்சத்தின் இன்றைய மதிப்பு 8.2 லட்சம். எட்டாம் ஆண்டில் மிச்சமாகும் அதே 9 லட்சம் இன்றைக்கு 4.2 லட்சம்தான். 12 ஆண்டு மிச்சத்தை அப்படியே கூட்டினால் 108 லட்சம் வருகிறது. ஒவ்வோர் ஆண்டையும் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்து கூட்டினால் 61 லட்சம் சொச்சம்தான். கூடுதலாகப் போட்ட 65 லட்சத்தைக்கூட அது எட்டவில்லை.

இப்போது இரு பஸ்ஸின் ஆயுள்காலச் செலவை முழுதாக எழுதுவோம். 9 ஆண்டு டீசல் பஸ் ஓட்டும் செலவின் இன்றைய மதிப்பு 120.94 லட்சம். விலையைச் சேர்த்தால் 165.94 லட்சம். மின்சாரப் பஸ்ஸின் 12 ஆண்டுச் செலவின் இன்றைய மதிப்பு 81.76 லட்சம். விலையோடு 191.76 லட்சம். டீசல் பஸ் 26 லட்சம் மலிவு என்று கோப்பை மூடிவிடத் தோன்றும். ஆனால் இந்த ஒப்பீடு செல்லாது.

9 ஆண்டும் 12 ஆண்டும் ஒன்றல்ல

165.94 லட்சத்துக்கு நமக்குக் கிடைப்பது 9 ஆண்டு பஸ் சேவை. 191.76 லட்சத்துக்குக் கிடைப்பது 12 ஆண்டு சேவை. பத்தாம் ஆண்டு காலையில் டீசல் பஸ் கழித்துக்கட்டப்பட்டிருக்கும். வழித்தடமும் பயணிகளும் அப்படியே இருப்பார்கள். அன்று இன்னொரு பஸ் வாங்கியாக வேண்டும். அந்தச் செலவு முதல் தொகையில் இல்லை.

இதைச் சரிசெய்ய இரண்டு வழி உண்டு. 9-க்கும் 12-க்கும் பொதுவான 36 ஆண்டை எடுத்து, நான்கு டீசல் பஸ்ஸை அடுத்தடுத்து வாங்குவதாகவும் மூன்று மின்சாரப் பஸ்ஸை அடுத்தடுத்து வாங்குவதாகவும் கணக்குப் போடலாம். சரிதான், ஆனால் நீளம். இன்னொன்று குறுக்குவழி. மொத்த நிகழ்கால மதிப்பை, அந்தப் பஸ்ஸின் ஆயுள் முழுக்க ஆண்டுதோறும் ஒரே அளவாகக் கட்டும் தவணையாக மாற்றிவிடுவது. இதைச் சமமான ஆண்டுச் செலவு என்கிறார்கள். வீட்டுக் கடனுக்கு மாதத் தவணை போடும் அதே சூத்திரம்தான்.

10 சதவீதத்தில் டீசல் பஸ்ஸின் சமமான ஆண்டுச் செலவு 28.81 லட்சம். மின்சாரப் பஸ்ஸுக்கு 28.14 லட்சம். வரிசை தலைகீழாகிவிட்டது. 26 லட்சம் மலிவாகத் தெரிந்த டீசல் பஸ், ஆண்டுக் கணக்கில் 67,000 ரூபாய் அதிகம் கேட்கிறது. ஆயுள் வேறுபடும் எந்தக் கொள்முதலிலும் நிகழ்கால மதிப்புத் தொகைகளை நேருக்கு நேர் வைத்து ஒப்பிட்டிருந்தால், அந்தக் கோப்பைத் திருப்பி அனுப்ப அந்த ஒரு காரணமே போதும்.

ஆயுளை எப்படி நிர்ணயிப்பது என்பதும் முக்கியம். 15 ஆண்டு கடந்த அரசு வாகனங்களின் பதிவு ரத்தாகும் விதி 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அது சட்டம் வைத்த உச்சவரம்பு. நகரப் பஸ்ஸின் பொருளாதார ஆயுள் அதற்கு முன்பே முடிந்துவிடும். நடுவழியில் நிற்பது கூடி, மைலேஜ் இறங்கி, பாடி வேலைக்கு ஆகும் செலவு புதுப் பஸ்ஸின் ஆண்டுச் செலவைத் தாண்டும் கட்டம்தான் உண்மையான ஆயுள். பணிமனையின் பழைய பதிவேடுகளைப் புரட்டினால் அந்த ஆண்டு எது என்று தெரிந்துவிடும்.

எட்டாம் ஆண்டில் காத்திருக்கும் செலவு

மேலே போட்ட கணக்கில் ஒரு பெரிய செலவு விடுபட்டிருக்கிறது. பஸ்ஸின் உடல் 12 ஆண்டு தாங்கலாம். முதலில் வந்த பேட்டரி அதே வேலையை 12 ஆண்டு செய்யும் என்று சொல்ல முடியாது. பேட்டரி ஒரே நாளில் சாவதில்லை. அதன் கொள்ளளவு ஆண்டுதோறும் கொஞ்சம் குறையும். புதிதாக இருக்கும்போது ஒரு சார்ஜில் நாள் முழுக்க ஓடிய பஸ், சில ஆண்டுகள் கழித்து மாலை ஷெட்யூலை முடிக்கத் திணறும். கொள்ளளவு 80 சதவீதத்துக்குக் கீழே போனால் மாற்றுவது என்பது பரவலான அளவுகோல். வெயில், விரைவு சார்ஜ், முழுக்க வடியவிட்டு ஏற்றுவது எல்லாம் அந்த நாளைச் சீக்கிரம் கொண்டுவரும்.

எட்டாம் ஆண்டு முடிவில் 25 லட்சம் ரூபாய்க்குப் புதுப் பேட்டரி போடுவதாக வைத்துக்கொள்வோம். எட்டாண்டு தள்ளி வருவதால் 10 சதவீதத்தில் அதன் இன்றைய மதிப்பு 11.66 லட்சம். மின்சாரப் பஸ்ஸின் மொத்தம் 203.43 லட்சமாகிறது. சமமான ஆண்டுச் செலவு 29.86 லட்சம். டீசல் பஸ்ஸின் 28.81 லட்சத்தைவிட ஒரு லட்சத்துக்கும் மேல் அதிகம். விடை மறுபடியும் மாறிவிட்டது.

ஆகவே உற்பத்தியாளரிடம் முதலில் கேட்க வேண்டியது பேட்டரி உத்தரவாதம். எத்தனை ஆண்டு, எத்தனை கிலோமீட்டர், எந்தக் கொள்ளளவுக்குக் கீழே போனால் அவர் மாற்றித் தருவார் என்ற மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும். 12 ஆண்டுக்கும் பேட்டரி அவர் பொறுப்பு என்றால், அதற்காக அவர் விலையில் எவ்வளவு ஏற்றுகிறார் என்று பாருங்கள். 10 சதவீத வட்டியில் 11.66 லட்சத்துக்குள் ஏற்றினால் உங்களுக்கு லாபம்.

வட்டியில் ஒளிந்திருக்கும் தவறு

இதுவரை நாம் செய்துவந்த ஒரு காரியத்தைக் கவனியுங்கள். 12 ஆண்டுக்கும் டீசல் 92 ரூபாய், மின்சாரம் 9 ரூபாய் என்று வைத்தோம். விலைவாசி ஏறவே இல்லை. ஆனால் 10 சதவீத வட்டி வங்கி சொல்லும் வட்டி. விலைவாசி ஏறி ரூபாயின் மதிப்பு குறையும் என்பதை எதிர்பார்த்தே வங்கி அந்த வீதத்தை வைக்கிறது. செலவில் விலையேற்றம் இல்லை, வட்டியில் மட்டும் விலையேற்றம் இருக்கிறது. ஒரு பக்கம் பழைய படி, மறுபக்கம் புது லிட்டர் என்று அளப்பது போன்றது இது. கோப்புகளில் மிக அதிகம் நடப்பதும், கண்ணுக்கு மிகக் குறைவாகத் தெரிவதும் இந்தத் தவறுதான்.

இதனால் எப்போதும் ஒரு பக்கத்துக்கே பாதகம். வட்டி வீதத்தைத் தேவைக்கு மேல் உயர்த்தினால் பின்னால் வரும் மிச்சங்கள் சுருங்கிவிடும். இன்று அதிகம் கொடுத்துப் பின்னால் மிச்சம் பிடிக்கும் பொருள் எதுவானாலும் தோற்றுப்போகும். சோலார் தகடும் எல்.இ.டி. தெருவிளக்கும் மின்சாரப் பஸ்ஸும் இதே முறையில்தான் அடிபடுகின்றன.

திருத்தும் வழி எளிது. ஒன்று, டீசல், மின்சாரம், பராமரிப்பு எல்லாவற்றையும் ஆண்டுதோறும் விலைவாசிக்கு ஏற்ப உயர்த்திக்கொண்டு 10 சதவீதத்திலேயே கணக்குப் போடலாம். அல்லது செலவை இன்றைய விலையிலேயே வைத்துக்கொண்டு, வட்டியிலிருந்து விலைவாசியை நீக்கிவிடலாம். ரிசர்வ் வங்கி இலக்காக வைத்திருக்கும் பணவீக்கம் 4 சதவீதம். 1.10-ஐ 1.04-ஆல் வகுத்தால் 1.058 சொச்சம். அதாவது விலைவாசி நீக்கிய வட்டி ஏறத்தாழ 6 சதவீதம். எல்லா விலையும் ஒரே வேகத்தில் ஏறினால், எது மலிவு என்பதில் இரு வழியும் ஒரே முடிவைத்தான் தரும்.

பேட்டரி மாற்றும் செலவையும் சேர்த்து, மூன்று வீதங்களில் சமமான ஆண்டுச் செலவு இப்படி வருகிறது:

| விலைவாசி நீக்கிய வட்டி | டீசல் (லட்சம்) | மின்சாரம் (லட்சம்) |
|---|---|---|
| 6 சதவீதம் | 27.62 | 26.99 |
| 8 சதவீதம் | 28.20 | 28.39 |
| 10 சதவீதம் | 28.81 | 29.86 |

6 சதவீதத்தில் மின்சாரப் பஸ் ஆண்டுக்கு 63,000 ரூபாய் மலிவு. 8 சதவீதத்தில் டீசல் 19,000 ரூபாய் மலிவு. விடை மாறும் இடம் ஏழரை சதவீதத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. இரண்டு பஸ்ஸில் எது மலிவு என்பதை இங்கே முடிவுசெய்வது வாங்குபவருக்கு எந்த வட்டியில் பணம் கிடைக்கிறது என்பதுதான். அரசுக்குக் குறைந்த வட்டியில் நீண்டகாலக் கடன் கிடைக்கும்போது மின்சாரப் பஸ் வெல்கிறது. 12, 13 சதவீதத்துக்குக் கடன் வாங்கும் தனியார் பஸ் உரிமையாளருக்கு அதே பஸ் தோற்கிறது. இருவரும் தங்கள் தங்கள் கணக்கில் சரிதான்.

விலையைக் குறைக்கும் எந்தச் சலுகையும் இங்கே நேரடியாக வேலை செய்கிறது. 6 சதவீதத்தில், பஸ் விலையில் குறையும் ஒவ்வொரு 10 லட்சமும் ஆண்டுச் செலவில் 1.19 லட்சத்தைக் குறைக்கும். மின்சாரப் பஸ்ஸுக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம். டீசல் பஸ்ஸுக்கு 28 சதவீதமாக இருந்தது 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆகிவிட்டது. டீசல் பக்கம் கிடைத்த இந்தச் சலுகைக்குப் பிறகு, பழைய விலைப் பட்டியலை வைத்துப் போட்ட ஒப்பீடுகள் எல்லாம் திரும்பப் போடப்பட வேண்டியவை.

பணிமனைப் பதிவேடு சொல்வது

இரவு பஸ்கள் பணிமனைக்குள் வந்ததும் நேராக டீசல் பங்குக்குப் போகும். டேங்க்கை நிரப்பி, எத்தனை லிட்டர் பிடித்தது என்று எழுதுவார்கள். அன்று ஓடிய கிலோமீட்டரை அதனால் வகுத்தால் வருவது கே.எம்.பி.எல். ஓட்டுநர் வாரியாகவும் வண்டி வாரியாகவும் அதைப் பார்ப்பார்கள். ஒரு வண்டியின் கே.எம்.பி.எல். தொடர்ந்து இறங்கினால் பிரேக் பிடித்துக்கொண்டு ஓடுகிறதா, ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறதா, டயரில் காற்று குறைவா என்று மெக்கானிக் தேடத் தொடங்குவார்.

அந்த ஓர் எண்ணுக்கு நம் கணக்கில் எவ்வளவு பலம் இருக்கிறது தெரியுமா? டீசல் பஸ் 4-க்குப் பதிலாக 4.2 கொடுத்தால் ஆண்டுக்கு 77,000 ரூபாய் மிச்சம். 6 சதவீதத்தில் மின்சாரப் பஸ் பெற்றிருந்த 63,000 ரூபாய் முன்னிலை போய்விடும். நெரிசலில் 3.7-க்கு இறங்கினால் அந்த முன்னிலை இரண்டு லட்சம் ரூபாயை நெருங்கிவிடும். ஆகவே நிறுவனத்தின் விளம்பரத் தாளில் இருக்கும் மைலேஜ் உதவாது. அதே வழித்தடத்தில் ஓடும் பஸ்ஸின் ஓர் ஆண்டுப் பதிவேடு வேண்டும். மின்சாரப் பஸ்ஸுக்கும் அப்படியே, வண்டியின் திரை காட்டும் யூனிட்டை விட்டுவிட்டு மீட்டரில் கட்டணம் கட்டிய யூனிட்டை ஓடிய கிலோமீட்டரால் வகுக்க வேண்டும். சார்ஜரில் வீணாவதும் ஏ.சி. இழுப்பதும் அப்போதுதான் கணக்கில் வரும்.

அடுத்தது ஓடும் தூரம். மின்சாரப் பஸ்ஸின் செலவில் பெரும்பகுதி ஓடினாலும் நின்றாலும் ஆகிற செலவு. 6 சதவீதத்தில் விலை, பேட்டரி, காப்பீடு சேர்ந்து ஆண்டுக்கு 16 லட்சம். டீசல் பஸ்ஸுக்கு அது 7.3 லட்சம்தான். ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் மின்சாரப் பஸ் 13 ரூபாய் 30 காசு மிச்சம் பிடிக்கிறது. 8.7 லட்சம் வித்தியாசத்தை அது ஈடுகட்ட ஆண்டுக்கு 65,000 கிலோமீட்டருக்குச் சற்று மேல், அதாவது நாளுக்கு 186 கிலோமீட்டர் ஓடியாக வேண்டும். 150 கிலோமீட்டர் ஓடும் வழித்தடத்துக்கு வாங்கினால் நஷ்டம். 240 ஓடினால் ஆண்டுக்கு இரண்டரை லட்சம் லாபம். பேட்டரி ஆண்டுக் கணக்கில் மட்டும் தேய்வதில்லை, ஓடிய கணக்கிலும் தேயும் என்பதால் இந்த எண்கள் கொஞ்சம் இளகும், ஆனால் திசை மாறாது.

240 கிலோமீட்டர் ஓட்டுவது எளிதல்ல என்பதுதான் அடுத்த சிக்கல். ஒரு சார்ஜில் அவ்வளவு தூரம் போகாத பஸ்ஸுக்கு மதியம் ஒரு முறை சார்ஜ் ஏற்ற வேண்டும். அதற்கு டெர்மினஸில் சார்ஜரும், ஷெட்யூலில் அதற்கான இடைவெளியும் வேண்டும். நண்பகல் இடைவெளியில், கூட்டம் குறைந்த நேரத்தில் ஏற்றினால் சேவை கெடாது. திட்டமிடாமல் விட்டால், மாலை நெரிசல் நேரத்தில் பஸ் சார்ஜரில் நிற்கும், பயணிகள் நிறுத்தத்தில் நிற்பார்கள்.

அந்த இடைவெளியை நிரப்ப ஸ்பேர் பஸ் வாங்குவார்கள். பத்து டீசல் பஸ் செய்த வேலைக்குப் பதினொரு மின்சாரப் பஸ் தேவைப்பட்டால் என்ன ஆகும்? பத்து பஸ்ஸுக்கும் சேர்த்து மிச்சமாவது ஆண்டுக்கு 6.3 லட்சம். பதினொன்றாவது பஸ் நின்றாலும் கேட்கும் ஆண்டுச் செலவு 16 லட்சம். மொத்த லாபமும் போய் மேலே 9.7 லட்சம் நஷ்டம். ஒரு பஸ்ஸுக்கு ஒரு பஸ் என்று ஒப்பிடும் எந்த அறிக்கையும் இந்த நஷ்டத்தைக் காட்டாது. ஒப்பிட வேண்டியது பஸ்ஸை அல்ல. ஒரே கால அட்டவணையை நிறைவேற்றத் தேவைப்படும் இரண்டு பஸ் தொகுதிகளை.

> நீங்களே போட்டுப் பார்க்க
>
> கணினியில் எக்செல் அல்லது அதைப் போன்ற எந்த விரிதாளிலும் இந்த நான்கு வரி போதும். எண்கள் லட்சத்தில் இருக்கின்றன.
>
> ```
> =45+PV(10%,9,-21)
> =PMT(10%,9,-165.94)
> =110+PV(10%,12,-12)+25/1.1^8
> =PMT(10%,12,-203.43)
> ```
>
> முதல் வரி டீசல் பஸ்ஸின் நிகழ்கால மதிப்பு (165.94), இரண்டாவது அதன் சமமான ஆண்டுச் செலவு (28.81). மூன்றாவது பேட்டரியோடு மின்சாரப் பஸ் (203.43), நான்காவது அதன் ஆண்டுச் செலவு (29.86). வட்டியை மாற்றும்போது 10% என்பதையும் 1.1 என்பதையும் சேர்த்து மாற்றுங்கள்; 165.94, 203.43 இருக்கும் இடங்களில் முதல் வரியும் மூன்றாவது வரியும் தரும் புது விடைகளைப் போடுங்கள். பலர் பேட்டரி வரியில் இருக்கும் 1.1-ஐ மாற்ற மறந்துவிடுகிறார்கள்.

லாபமான பஸ், காலியான கை

தனியார் டவுன் பஸ் உரிமையாளருக்கு இன்னொரு தடை இருக்கிறது. நிகழ்கால மதிப்பு சாதகமாக இருந்தாலும் கையில் பணம் நிற்காமல் போகலாம். விலையில் 80 சதவீதம் கடன், 12 சதவீத வட்டி, ஐந்து ஆண்டுத் தவணை என்று வைத்துக்கொள்வோம். டீசல் பஸ்ஸுக்குக் கையிலிருந்து 9 லட்சமும் மாதம் 80,000 ரூபாயும் போகும். மின்சாரப் பஸ்ஸுக்குக் கையிலிருந்து 22 லட்சமும் மாதம் 1.96 லட்சமும் போகும். தவணை வித்தியாசம் மட்டும் ஆண்டுக்கு 14 லட்சத்துக்குப் பக்கம். மிச்சமாவது 9 லட்சம். ஐந்து ஆண்டுக்கும் ஆண்டுதோறும் கிட்டத்தட்ட 5 லட்சம் கையிலிருந்து போட வேண்டும். லாபம் வருவது கடன் முடிந்த பிறகுதான்.

12 ஆண்டு ஓடும் பஸ்ஸுக்கு ஐந்து ஆண்டுக் கடன் கொடுப்பதுதான் இங்கே கோளாறு. பஸ்ஸின் ஆயுளுக்கு ஏற்ற நீளமான கடன் கிடைக்காதவரை, சிறிய உரிமையாளர்கள் டீசலிலேயே நிற்பதை மனத்தடை என்று குறை சொல்வது நியாயமில்லை.

சென்னையில் மாநகர் போக்குவரத்துக் கழகம் இந்தச் சுமையை வேறு வழியில் கையாள்கிறது. மின்சாரப் பஸ்களைக் கழகம் விலைக்கு வாங்கவில்லை. ஒப்பந்த நிறுவனம் பஸ்ஸை வாங்கி, ஓட்டுநரை வைத்து, சார்ஜ் ஏற்றி, பராமரித்து ஓட்டுகிறது. நடத்துநர் கழகத்தின் ஆள், டிக்கெட் பணம் கழகத்துக்கு. நிறுவனத்துக்குக் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று கழகம் கொடுக்கிறது. கணக்கு இங்கே மறைந்துவிடவில்லை, கை மாறியிருக்கிறது. நாம் மேலே போட்ட அதே நிகழ்கால மதிப்புக் கணக்கை நிறுவனம் போட்டு, பேட்டரி ஆபத்தையும் வட்டியையும் லாபத்தையும் சேர்த்து, ஒரு கிலோமீட்டர் கட்டணமாகக் கேட்கிறது. கழகத்துக்கு முதலீட்டுச் சுமை இல்லை. ஆனால் இப்படிப்பட்ட ஒப்பந்தங்களில் உறுதியளித்த தூரத்துக்குப் பணம் கொடுத்தாக வேண்டும் என்ற விதி இருக்கும். பஸ்ஸைக் குறைவாக ஓட்டினால் நஷ்டம் கழகத்துக்கு. ஆகவே கேட்ட கட்டணம் நியாயமானதா என்று பார்க்க, தானே வாங்கி ஓட்டினால் எவ்வளவு ஆகும் என்ற கணக்கைக் கழகமும் போட்டு வைத்திருக்க வேண்டும்.

கணக்குக்குள் வராதவை

சமமான ஆண்டுச் செலவு ஒன்றை அனுமானிக்கிறது: ஆயுள் முடிந்ததும் அதே விலைக்கு அதே போன்ற பஸ்ஸை மறுபடி வாங்குவோம் என்று. பேட்டரி விலை இறங்கிக்கொண்டிருக்கும் காலத்தில் அது முழுக்கச் சரியாக இருக்காது. 9 ஆண்டு ஓடும் டீசல் பஸ்ஸுக்கு இதனால் ஒரு சாதகம் உண்டு. பத்தாம் ஆண்டில் அன்றைய மலிவான மின்சாரப் பஸ்ஸுக்கு மாறலாம். இன்று மின்சாரப் பஸ் வாங்கியவர் இன்னும் மூன்றாண்டு காத்திருக்க வேண்டும். அதே சமயம், எட்டாம் ஆண்டில் அவர் வாங்கும் பேட்டரியும் அப்போது மலிவாகியிருக்கும். இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

புகையும் இந்தக் கணக்கில் இல்லை. நிறுத்தத்தில் நிற்கும் குழந்தை சுவாசிப்பதற்கு எந்தப் பதிவேட்டிலும் பற்று எழுதுவதில்லை. அதற்கு மதிப்பு இல்லை என்று நான் சொல்லவில்லை. மதிப்பு இருக்கிறது, அதனாலேயே அதைத் தனி வரியாக எழுத வேண்டும். 6 சதவீதத்தில் 150 கிலோமீட்டர் ஓடும் ஒரு பஸ் ஆண்டுக்கு ஒன்றேமுக்கால் லட்சத்துக்குப் பக்கமாக நஷ்டம் தரும். சுத்தமான காற்றுக்காக அந்தத் தொகையைக் கொடுக்கத் தயார் என்று அரசு வெளிப்படையாகச் சொல்லலாம். மக்கள் அதை ஏற்கவும் கூடும். மைலேஜையும் பேட்டரி ஆயுளையும் திருத்தி அந்தத் தொகையை மறைப்பதுதான் தவறு.

இவ்வளவுக்கும் பிறகு இரண்டு பஸ்ஸுக்கும் இடையே நிற்பது 27 லட்சத்தில் 63,000 ரூபாய். இரண்டேகால் சதவீதம். இவ்வளவு சிறிய வித்தியாசத்தை எந்தத் தொழில்நுட்பத்தின் வெற்றி என்றும் கொண்டாட முடியாது. ஷெட்யூலை நன்றாகப் போட்டு, ஸ்பேர் பஸ் இல்லாமல், நாளுக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டும் பணிமனையில் மின்சாரப் பஸ் லாபம் தரும். அதே பஸ் வேறொரு பணிமனையில் நஷ்டம் தரும். எனவே அடுத்த முறை நூற்றுக்கணக்கான பஸ்கள் வாங்குவதாக அறிவிப்பு வரும்போது, எந்த வழித்தடம், நாளுக்கு எத்தனை கிலோமீட்டர், எத்தனை ஸ்பேர், பேட்டரி யார் பொறுப்பு, எந்த வட்டி என்ற ஐந்தையும் அறிவிப்போடு சேர்த்து வெளியிடச் சொல்லிக் கேட்போம். பணம் நம்முடையது. நான்கு வரியில் சரிபார்க்கக்கூடிய கணக்கை நமக்குக் காட்டாமல் இருக்க எந்தக் காரணமும் இல்லை.